துபாய் ஆஃபரா, ஜெர்மனி ஆஃபரா? சேலத்திலிருந்து கேட்கப்படும் கேள்விகள்

துபாயில் மாதம் 16,000 திர்ஹம், வரியே கிடையாது. ஜெர்மனியில் ஆண்டுக்கு 58,000 யூரோ, ஆனால் ஏகப்பட்ட பிடித்தம் என்கிறார்கள். துபாய்தானே லாபம்?

இதே கேள்வியோடு கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்தார். இயந்திரப் பராமரிப்புப் பொறியாளர். மனைவி, முதல் வகுப்புக்குப் போகவிருக்கும் மகள், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மிளகும் காபியும் வைத்திருக்கும் பெற்றோர். அவர் கணக்கையே இங்கே முழுக்க எடுத்துக்கொள்கிறேன். எளிமைக்காக 1 யூரோவை 100 ரூபாயாகவும், 1 திர்ஹமை 24 ரூபாயாகவும் வைத்துக்கொள்வோம்.

துபாய்ச் சம்பளம் ஆண்டுக்கு 1,92,000 திர்ஹம், அதாவது சுமார் 46 லட்ச ரூபாய். வரி இல்லாததால் முழுவதும் கைக்கு வருகிறது. ஜெர்மனிச் சம்பளம் கடிதத்தில் 58 லட்சம். பிடித்தம் போனால் 37 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. இந்த இடத்திலேயே பலர் பேனாவை மூடிவிட்டுத் துபாய்க்கு டிக்கெட் பார்க்கிறார்கள். தம்பியும் அந்த நிலையில்தான் வந்தார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதல்ல. “தனியாகப் போகிறீர்களா, குடும்பத்தோடா?” என்று கேட்டேன். அவர் கணக்கின் முடிவு அந்தப் பதிலைப் பொறுத்துத் தலைகீழாக மாறியது. எப்படி என்று கீழே பார்க்கலாம்.

ஜெர்மனியில் 58,000 யூரோவில் என்னென்ன பிடிப்பார்கள்? கைக்கு எவ்வளவு வரும்?

கடிதத்தில் இருப்பது ‘ப்ருட்டோ’, கைக்கு வருவது ‘நெட்டோ’. மாதம் 4,833 யூரோ ப்ருட்டோ. 2025-ஆம் ஆண்டு விகிதப்படி அதில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், அதாவது 449 யூரோ 50 சென்ட் போகும். மருத்துவக் காப்பீட்டுக்கு ஏறத்தாழ 413, வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 63, முதுமைப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு ஒரு குழந்தை உள்ளவருக்கு 87. இவை மட்டும் ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய இதே அளவைத் தன் பங்காக நிறுவனமும் கட்டுகிறது. அது உங்கள் கடிதத்தில் தெரியாது.

மீதி வருமான வரி. இங்கேதான் கவனம் வேண்டும். ஜெர்மனியில் வரி வகுப்புகள் உண்டு. மனைவி சேலத்தில் இருக்கும்வரை தம்பி முதலாம் வகுப்பில் இருப்பார். மாதம் சுமார் 760 யூரோ வரி போய், கைக்கு 3,060 வரும். மனைவி அங்கே வந்து பதிவு செய்து, அவருக்கு வருமானம் இல்லையென்றால், மூன்றாம் வகுப்புக்கு மாறலாம். வரி சுமார் 390 ஆகக் குறைந்து, கைக்கு 3,430 வரும். அதே வேலை, அதே சம்பளம், மாதம் 370 யூரோ வித்தியாசம்.

மகளும் வந்துவிட்டால் குழந்தைப் படியாக, அதே 2025-ஆம் ஆண்டு விகிதப்படி, மாதம் 255 யூரோவை அரசு தரும். குழந்தை இந்தியாவில் இருந்தால் அது கிடைக்காது. ஆக, குடும்பத்தோடு இருப்பவர் கைக்கு 3,685 வருகிறது.

குடும்பம் ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தால் அந்த ஆண்டுக்கு வருமான வரிக் கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்யுங்கள். ஆண்டு முழுவதற்கும் கணவன் மனைவி கூட்டுக் கணக்காகப் போட முடியும். முதல் மாதங்களில் கூடுதலாகப் பிடித்த வரியில் பெரும்பகுதி திரும்பி வரும். இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதால் பலர் அந்தப் பணத்தைக் கேட்காமலே இருக்கிறார்கள். உங்கள் சொந்தத் தொகையைப் போட்டுப் பார்க்க ஜெர்மன் நிதியமைச்சகத்தின் bmf-steuerrechner.de தளம் இருக்கிறது. அது வரியை மட்டும் சொல்லும். காப்பீட்டுப் பிடித்தங்களை நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

துபாய்க் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 6,400, வீட்டுப் படி 5,600, மற்ற படிகள் 4,000 என்று பிரித்திருக்கிறார்கள். மொத்தம் ஒன்றுதானே, இதில் என்ன இருக்கிறது?

உங்கள் பணிக்கொடை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டவருக்கு ஓய்வூதியம் இல்லை. அதற்குப் பதிலாக வேலையை விட்டுப் போகும்போது ஒரு தொகை. ஓராண்டை நிறைவு செய்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். அதற்குப் பிறகான ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம். ‘சம்பளம்’ என்று சட்டம் இங்கே சொல்வது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே.

தம்பியின் கணக்கில் 6,400-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 4,480 திர்ஹம். அதே 16,000-இல் அடிப்படை 10,000 என்று எழுதியிருந்தால் 7,000. மூன்று ஆண்டில் 7,560 திர்ஹம், சுமார் 1.8 லட்ச ரூபாய் வித்தியாசம். மாதச் சம்பளத்தில் ஒரு காசுகூடக் கூடவோ குறையவோ இல்லை.

நான் அங்கே வேலை பார்த்த நிறுவனத்தில் ஒவ்வோர் ஆண்டும் சம்பளம் உயர்ந்தது. ஆனால் உயர்ந்ததெல்லாம் படிகளில்தான். அடிப்படை முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்கு முடிக்கும் நாளில் அந்தத் தாளைப் பார்த்தபோது ஏற்பட்ட வருத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: “மொத்தம் அப்படியே இருக்கட்டும், அடிப்படையைப் பாதிக்கு மேல் வைக்க முடியுமா?” சம்பளத்தைக் கூட்டக் கேட்பதைவிட இது எளிதில் கிடைக்கும். கேட்டு வாங்கியது ஆஃபர் கடிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவாகும் ஒப்பந்தத்திலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் பிடிக்கும் ஓய்வூதியப் பணம் போனால் போனதுதானா? நான் நான்கு வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவேன்.

போகாது. ஆனால் முழுதாகவும் வராது.

ஐந்து ஆண்டுக்குள் திரும்பி வருபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, ஜெர்மனியையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் விட்டு வெளியேறி, அங்கே கட்டாயக் காப்பீடு நின்று 24 மாதம் கழிந்த பிறகு, கட்டியதைத் திரும்பக் கேட்பது. உங்கள் பங்கு மட்டும் வரும். நிறுவனம் கட்டிய பாதி வராது. தம்பியின் பங்கு ஆண்டுக்கு 5,394 யூரோ. நான்கு ஆண்டில் 21,576 யூரோ, இந்தக் கணக்குப்படி சுமார் 21.6 லட்ச ரூபாய். வட்டி கிடையாது.

இரண்டாவது வழி, பணத்தைத் தொடாமல் அங்கேயே விட்டுவைப்பது. ஜெர்மன் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 60 மாதப் பங்களிப்பு வேண்டும். இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையே 2017 மே மாதம் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. இங்கே ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் நீங்கள் இருந்த காலத்தையும் சேர்த்து அந்த 60 மாதத்தை நிறைவு செய்ய அது வழி தருகிறது. தம்பியின் சம்பளத்தில் ஓராண்டு வேலைக்கு, 2025-ஆம் ஆண்டு மதிப்பில், முதுமையில் மாதம் சுமார் 47 யூரோ சேரும். நான்கு ஆண்டுக்கு மாதம் 187 யூரோ, 67 வயதிலிருந்து ஆயுள் முழுக்க.

எது மேல்? 21,576-ஐ 187-ஆல் வகுத்தால் 115 மாதம் வருகிறது. 67-க்குப் பிறகு பத்து ஆண்டு வாழ்ந்தால் ஓய்வூதியம் முந்திவிடும். ஆனால் முன்பணமாகக் கிடைக்கும் 21 லட்சத்தைச் சேலத்து வீட்டுக் கடனில் கட்டினால் மிச்சமாகும் வட்டியும் சிறியதல்ல. 35 வயதில் கடனோடு இருப்பவருக்கு நான் முதல் வழியைச் சொல்வேன். கடன் இல்லாதவருக்கு இரண்டாவதை. ஒன்றை மறக்காதீர்கள்: திரும்ப வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகளுக்கான உரிமை எல்லாம் அத்தோடு முடிந்தது.

இந்த ஓய்வூதியத் தொகையை இரண்டு ஆஃபர்களையும் ஒப்பிடும்போது உங்கள் சேமிப்பாகவே எழுதுங்கள். துபாயின் பணிக்கொடைக்கு எதிரே நிற்க வேண்டியது இதுதான்.

குடும்பத்தோடு போனால் இரண்டு ஊரிலும் ஆண்டுக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும்?

தம்பி இரண்டு ஊரிலும் இருக்கும் நண்பர்களிடம் விசாரித்துக் கொண்டுவந்த விலைகள் இவை. உங்களுக்கு வேறாக இருக்கும். அதனால் எண்களைவிட எந்தெந்தச் செலவுகள் கணக்கில் இருக்கின்றன என்று பாருங்கள்.

துபாயில் ஒரு படுக்கையறை வீடு ஆண்டுக்கு 72,000 திர்ஹம். அதன்மேல் மாநகராட்சிக்கு வாடகையில் 5 சதவீதம், 3,600. இது தண்ணீர், மின்சார ரசீதோடு மாதாமாதம் சேர்ந்து வரும். பலர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள். மகளுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி, பேருந்தோடு 18,000. மின்சாரம், தண்ணீர், இணையம் 12,000. சாப்பாடும் வீட்டுச் சாமானும் 30,000. மெட்ரோவும் பஸ்ஸும் 7,200. மனைவி, மகள் இருவருக்கும் மருத்துவக் காப்பீடு 4,000, விசாச் செலவை ஆண்டுக்குப் பங்கிட்டால் 4,000. நிறுவனம் அவருக்கு மட்டுமே டிக்கெட் தருகிறது, மற்ற இருவர் ஊருக்கு வர 6,000. சில்லறைச் செலவு 9,200. ஆக 1,66,000 திர்ஹம். மிச்சம் 26,000, பணிக்கொடை 4,480. சேர்த்து ரூபாயில் 7.3 லட்சம்.

ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரம். கைக்கு வருவது 3,685 யூரோ. வெப்பமூட்டும் செலவு உட்பட வாடகை 1,250. மின்சாரம், இணையம், ஒலிபரப்புக் கட்டணம் 140. சாப்பாடும் வீடும் 750. இருவருக்கும் மாதப் பயணச் சீட்டு 116. அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, மதிய உணவும் பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பும் 150. தொலைபேசியும் சிறு காப்பீடுகளும் 80. துணிமணி, மற்றவை 350. மூவரும் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்துபோக மாதப் பங்காக 200. மொத்தம் 3,036. மாதம் 649 மிச்சம், ஆண்டுக்கு 7.8 லட்ச ரூபாய். ஓய்வூதியப் பங்கு 5.4 லட்சத்தையும் சேர்த்தால் 13.2 லட்சம்.

வரியே இல்லாத ஊரைவிட வரி பிடிக்கும் ஊரில் அதிகம் மிஞ்சியது ஏன்? பள்ளிக் கட்டணமும் குடும்ப மருத்துவக் காப்பீடும் ஜெர்மனியில் பிடித்தத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. வேலைக்குப் போகாத மனைவிக்கும் குழந்தைக்கும் அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டில் தனிக் கட்டணம் இல்லை. துபாயில் அவற்றை வீட்டுச் செலவாகத் தனியே கட்டுகிறீர்கள்.

குடும்பத்தைச் சேலத்திலேயே விட்டுவிட்டு நான் மட்டும் போனால்?

கணக்கு அப்படியே புரண்டுவிடும்.

துபாயில் ஓர் அறை 2,200, சாப்பாடு 1,000, போக்குவரத்து, தொலைபேசி, ஊர்ப் பயணம், மற்றவை 1,550. மாதம் 4,750 திர்ஹம் போக ஆண்டுக்கு 1,35,000 மிஞ்சும். ரூபாயில் 32.4 லட்சம். ஜெர்மனியில் முதலாம் வரி வகுப்பில் 3,060 யூரோதான் கைக்கு வரும், குழந்தைப் படியும் இல்லை. சிக்கனமாக 1,580-இல் வாழ்ந்தாலும் ஆண்டுக்கு 17.8 லட்சம், ஓய்வூதியப் பங்கோடு 23.2 லட்சம். சேலத்து வீட்டுச் செலவு மாதம் 35,000 என்றால் இரண்டிலிருந்தும் 4.2 லட்சத்தைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் துபாய் 9 லட்சத்துக்கு மேல் முன்னால் நிற்கிறது. பணிக்கொடை வேறு.

தம்பியின் மனைவி இந்த இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, “அப்படியானால் தனியாக இரண்டு வருடம் என்று போய் அது ஐந்து வருடமாகிவிட்டால்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. எத்தனை ஆண்டு பிரிந்திருப்பது என்பதைக் கணவனும் மனைவியும் முதலில் பேசி முடித்துவிட்டு, அதன்பிறகு இந்தத் தாளுக்கு வாருங்கள்.

‘இடமாற்ற உதவி உண்டு’ என்று இரண்டு கடிதத்திலும் ஒரு வரி இருக்கிறது. அதை எப்படி மதிப்பிடுவது?

ஒரு வரியாக இருந்தால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, என்னென்ன, யாருக்கு, எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். முதல் மாதத்தில் கையிலிருந்து போகும் பணத்தைத்தான் இந்த உதவி தாங்க வேண்டும். அதனால் அந்தத் தொகையைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு பேசுங்கள்.

துபாயில் வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. ஆண்டு வாடகையை நான்கு காசோலைகளாகக் கேட்டார்கள் என்றால் முதல் காசோலை 18,000. முன்வைப்பு 5 சதவீதம் 3,600, முகவர் கட்டணம் இன்னொரு 3,600, மின்சார, தண்ணீர் இணைப்புக்கு வைப்பு 2,000. சாவி கைக்கு வருமுன் 27,200 திர்ஹம், 6.5 லட்ச ரூபாய். முதல் சம்பளம் அதற்குப் பிறகுதான் வரும். இங்கே கடன் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இதற்காகத்தான் வாங்குகிறார்கள். நிறுவனத்திடம் கேட்க வேண்டியது வீட்டு வாடகை முன்பணம். அதை மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் விசாச் செலவையும் பணிக்கு எடுக்கும் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை ‘உதவி’ என்று எழுதியிருந்தால் அது உதவியல்ல.

ஜெர்மனியில் முன்வைப்பு, வெப்பமூட்டும் செலவு சேராத வாடகையில் மூன்று மாதம்வரை கேட்கலாம். 950 யூரோ என்றால் 2,850. அதை மூன்று தவணையாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. இன்னொன்று, பல வீடுகளில் சமையலறை வெறும் சுவராகத்தான் இருக்கும். அடுப்பும் தொட்டியும் அலமாரியும் நீங்களே வாங்க வேண்டும். வீட்டு விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடிதத்திலும் ‘இத்தனை மாதத்துக்குள் விலகினால் உதவித் தொகையைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற நிபந்தனையைத் தேடுங்கள். தம்பியின் ஜெர்மன் கடிதத்தில் 24 மாதம் என்றிருந்தது. ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை குறைந்துகொண்டே வருமாறு எழுதச் சொன்னோம். எழுதிக் கொடுத்தார்கள்.

நவம்பரில் கிளம்பலாம் என்கிறார்கள். இந்திய வரிக்கு ஏதாவது உண்டா?

உண்டு. துபாய்க்குப் போகிறவருக்கு இது பெரிய அடியாகவும் விழலாம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரிக் கணக்கில் வரும். நவம்பரில் கிளம்பினால் மார்ச் வரையிலான துபாய்ச் சம்பளம், ஏறத்தாழ 19 லட்ச ரூபாய், உங்கள் இந்தியச் சம்பளத்தோடு சேரும். அங்கே வரி கட்டாததால் இங்கே கழித்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஜெர்மனிக்குப் போனால் அங்கே கட்டிய வரியை இங்கே கழிக்கலாம்.

வேலைக்காக வெளிநாடு செல்பவர் செப்டம்பர் 28-க்குள் கிளம்பி, அந்த நிதியாண்டில் திரும்ப வராமல் இருந்தால் இந்தியாவில் இருந்த நாள் 181-ஐத் தாண்டாது. அது முடியாவிட்டால் வரியையும் முதலாண்டுச் செலவாகத் தாளில் எழுதிக்கொண்டு, கிளம்புமுன் ஐந்து ரோட்டிலோ அஸ்தம்பட்டியிலோ நீங்கள் நம்பும் ஆடிட்டரை ஒருமுறை பாருங்கள்.

யூரோ ஏறி இறங்குகிறதே, அதை எப்படிச் சேர்ப்பது?

திர்ஹம் டாலரோடு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. அதனால் டாலரோடு சேர்ந்தே ரூபாயில் நகரும். யூரோ தன்பாட்டில் நகரும். யூரோவை 92 ரூபாய் என்று குறைத்து வைத்து ஒருமுறை கணக்குப் போடுங்கள். தம்பியின் குடும்பக் கணக்கில் அப்படிக் குறைத்தாலும் 12 லட்சம் மிஞ்சியது, முடிவு மாறவில்லை. மிச்சத்தை மட்டுமே ரூபாயாக மாற்றுங்கள். அங்கே சாப்பிடும் சாப்பாட்டை ரூபாயில் எண்ணிப் பயப்பட வேண்டாம்.

ஏற்காட்டில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள். அவசரத்துக்கு வந்துபோகும் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லையே?

சேர்க்கத்தான் வேண்டும், தனிச் செலவாக. ஷார்ஜாவிலிருந்து கோவைக்கு நேரடி விமானம் இருக்கிறது. இரவு கிளம்பினால் மறுநாள் மதியத்துக்குள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி நாகலூரில் இருக்கலாம். நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் பிராங்பர்ட், அங்கிருந்து பெங்களூரு அல்லது சென்னை, பிறகு சாலை வழி. ஒரு முழு நாளுக்கு மேல் போகும். கடைசி நிமிட டிக்கெட்டும் விலை கூடும். தம்பி ஜெர்மனித் தாளில் ஆண்டுக்கு 1,200 யூரோவும், துபாய்த் தாளில் 2,000 திர்ஹமும் இதற்கென்று ஒதுக்கினார். இதையும் கழித்த பிறகு குடும்பத்தோடு போகும் கணக்கில் ஜெர்மனி 12 லட்சம், துபாய் 6.8 லட்சம்.

அவர்கள் மூவரும் ஜெர்மனி போவதென்று முடிவெடுத்தார்கள். மகளுக்கு இப்போது ஜெர்மன் எழுத்துகளை அம்மா சொல்லித்தருகிறார்.